ஃபுட்சீஸ்: காம்போ மனப்பாடம் வேண்டாதவர்களுக்கான சொல்

ஃபுட்சீஸ் என்பது சண்டை விளையாட்டுகளில் இரண்டு பேரும் அடி எட்டியும் எட்டாமலும் இருக்கிற தூரத்தில் நின்று, முன்னும் பின்னும் எட்டு வைத்து ஆடுகிற ஆட்டம். எதிராளியைத் தவறான நேரத்தில் அடிக்கத் தூண்ட வேண்டும். அவர் அடி வீணாகிற நொடியில் நம் அடி இறங்க வேண்டும். காம்போ எனப்படும் இருபது பொத்தான் வரிசையை மனப்பாடம் செய்யப் பிடிக்காமல், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற நண்பனை ஜெயிக்க மட்டும் ஆசைப்படுகிறவர் முதலில் கற்க வேண்டியது காம்போ இல்லை, இதுதான்.

ஆங்கிலத்தில் பாதத்தைக் குறிக்கும் ஃபுட் என்ற சொல்லைச் செல்லமாக மாற்றிச் சொன்னால் ஃபுட்சி. மேசைக்கு அடியில் ஒருவர் காலை மற்றொருவர் காலால் சீண்டுவதற்கு அங்கே அந்தப் பெயர். 1991இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 போன்ற ஆட்டங்களில் குனிந்தபடி காலுக்குக் குறிவைத்து உதைப்பது முக்கிய ஆயுதம். இருவரும் கால் நீட்டிச் சீண்டிக்கொண்டே இருந்ததால் பெயர் ஒட்டிக்கொண்டது. ஜப்பானியர் இதையே சாஷிஆய் என்கிறார்கள். சாஷி என்றால் உள்ளே செலுத்துவது, ஆய் என்றால் ஒருவருக்கொருவர். வீணாகிப் போன அடிக்குத் திருப்பி அடிப்பது அவர்களிடம் சாஷிகாஎஷி. ஆங்கிலப் பெயர் காலைப் பார்க்கிறது, ஜப்பானியப் பெயர் நுழைகிற இடத்தைப் பார்க்கிறது. எங்கள் பார்வையில் ஜப்பானியப் பெயரே விஷயத்துக்கு நெருக்கம். வாளோடு ஆடும் சாமுராய் ஷோடவுனில் காலுக்கு வேலை குறைவு, ஆனாலும் ஆட்டம் இதுவேதான்.

தமிழில் 'பாத விளையாட்டு' என்று வைத்தால் குழந்தைகள் ஆடுவது போல ஒலிக்கிறது, பொருளும் வராது. 'இடைவெளி ஆட்டம்' என்பதே சரி. நோம்பிக் கபடியில் பாடிப் போகிறவர் கோட்டைத் தாண்டிக் காலை நீட்டி, பிடிக்க வருகிறவரை முன்னே இழுத்துவிட்டு, சட்டென்று பின்வாங்குவார். அதைப் போக்குக் காட்டுவது என்போம். அந்தச் சொல்லை அப்படியே இங்கே எடுத்துக்கொள்ளலாம். எட்டாமல் போன அடிக்கு 'வெறும் வீச்சு', அதற்குக் கிடைக்கும் தண்டனைக்கு 'மறுஅடி'. இந்த நான்கு சொல்லும் கையில் இருந்தால் பேச்சு தடைப்படாது. "எட்டல மாப்ள, வெறும் வீச்சு" என்று சொன்னால் யாருக்கும் புரியும்.

இனி இது ஏன் வேலை செய்கிறது என்று பார்ப்போம். இந்த ஆட்டங்கள் வினாடிக்கு 60 படம், அதாவது 60 ஃபிரேம் ஓடுகின்றன. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6இல் ரியூ என்ற வீரர் குனிந்து உதைக்கும் நடுத்தர உதையை எடுத்துக்கொள்வோம். பொத்தானை அழுத்தியபின் கால் வெளியே வர ஏழெட்டு ஃபிரேம் ஆகும். நீட்டிய காலை மடக்கி மறுபடி தயாராகும்வரை கணக்கிட்டால் மொத்தம் கிட்டத்தட்ட அரை வினாடி, அதாவது 30 ஃபிரேமுக்குச் சற்றுக் குறைவு. ஒரு அசைவைக் கண்டு விரலை அழுத்த நமக்குக் கால் வினாடி, அதாவது 15 ஃபிரேம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழெட்டு ஃபிரேமில் வரும் உதையைப் பார்த்துத் தடுக்க முடியாது. ஆனால் அது எட்டாத இடத்தில் நின்றிருந்தால், பார்க்க 15, நம் உதை வர 8, மொத்தம் 23. அவர் கால் இன்னும் வெளியேதான் இருக்கும், நம் உதை அதில் படும். வேகமான கை தேவையில்லை. எங்கே நிற்கிறோம் என்பதுதான் எல்லாம்.

அதனால் முதல் வேலை தூரம் அளப்பது. பயிற்சிப் பகுதியில் அசையாத பொம்மையை ஒட்டி நின்று உதையுங்கள். கொஞ்சம் பின்வாங்கி மறுபடி உதையுங்கள். எட்டாமல் போகும்வரை இப்படியே செய்து, எட்டிய கடைசி இடத்தைத் தரையில் இருக்கிற கோட்டையோ அடையாளத்தையோ வைத்து மனதில் பதியுங்கள். இருவரும் ரியூவையே எடுத்தால் அந்த அளவு இருவருக்கும் ஒன்றுதான். பிறகு நண்பரோடு ஒரு உடன்பாடு: நடை, தடுப்பு, அந்த ஒரு உதை மட்டும். குதிக்கக் கூடாது, வேறு பொத்தான் கூடாது. ஐந்து உதையை முதலில் பட வைத்தவர் வென்றவர். அளந்த இடத்துக்கு அரை எட்டு வெளியே நில்லுங்கள். உள்ளே அரை எட்டு வைத்து உடனே பின்வாங்குங்கள். அவர் உதைத்தால் வெறும் வீச்சு, மறுஅடி உங்களுடையது. அவர் உதைக்கவில்லை என்றால் மறுமுறை பின்வாங்காமல் நீங்களே உதையுங்கள். அவர் உங்கள் பின்வாங்கலை எதிர்பார்த்துக் காத்திருப்பார்.

புதிதாக ஆடுகிறவர்கள் அதிகம் அடிபடுவது பின்னால் நடக்கும்போது. பின்பக்கம் அழுத்தினால் தடுப்பு என்று நினைத்துவிடுகிறார்கள். நின்றபடி பின்வாங்கும்போது தாழ்ந்த உதை தடுப்பில் நிற்காது. கீழும் பின்னும் சேர்த்து அழுத்திக் குனிந்தால்தான் நிற்கும், அப்படிக் குனிந்தால் நகர முடியாது. எட்டும் தூரத்துக்குள் ஆழமாகப் போய்விட்டுப் பின்வாங்கினால் பாதி வழியில் கால் மாட்டும். போக்குக் காட்டுவது விளிம்பில்தான் நடக்க வேண்டும். பின்வாங்கிக்கொண்டே போனாலும் மூலையில் முதுகு முட்டும், அதற்குமேல் இடைவெளி ஆட்டம் இல்லை.

உடன்பாட்டை நீக்கினால் நண்பர் முதலில் செய்வது குதித்து வருவதுதான். அதற்கும் வரிசை தேவையில்லை. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6இல் மாடர்ன் கட்டுப்பாட்டைத் தேர்ந்தெடுத்தால் முன்திசையோடு ஸ்பெஷல் பொத்தானை அழுத்தினாலே ரியூ மேல்நோக்கிக் குத்துவார். இதையும் சேர்த்துக்கொண்டால் ஒரு மாலைக்குப் போதும்.

இவ்வளவும் வேண்டாம், இன்னும் எளிமை வேண்டும் என்றால் ஹைஃபைட் என்ற பெயரில் இயங்குபவர் உருவாக்கிய ஃபுட்சீஸ் என்ற இலவச ஆட்டமே இருக்கிறது. இடம், வலம், ஒரு தாக்கும் பொத்தான், அவ்வளவுதான். உயிர்க்கோடு கிடையாது. சாதாரண அடி பட்டதும் மறுபடி அழுத்தினால் சிறப்பு அடி வந்து சுற்று முடிந்துவிடும். தவறு நடந்த இடம் உடனே கண்ணுக்குத் தெரிவதால் இதைவிட நல்ல ஆசிரியர் இல்லை.

கோவை, ஈரோடு விடுதி அறைகளில் ஒரே லேப்டாப் கீபோர்டில் இருவர் ஆடுவதுண்டு. அங்கே ஒரு சிக்கல் வரும். சாதாரண கீபோர்டில் ஒரே நேரத்தில் சில விசைகளைச் சேர்த்து அமுக்கினால் அவற்றில் ஒன்று பதிவாகாது. ஒருவர் நடந்துகொண்டிருக்கும்போது மற்றவர் உதை வராமல் போனால் காரணம் இதுவாகத்தான் இருக்கும். சோதிக்க, எழுதும் பக்கம் ஒன்றைத் திறந்து, ஒருவர் தன் நடை விசையைப் பிடித்திருக்க மற்றவர் தன் நடை விசையையும் பிடித்தபடி தாக்கும் விசையைத் தட்டட்டும். எழுத்து விழவில்லை என்றால் அந்த விசையை மாற்றுங்கள். ஒருவருக்காவது யூஎஸ்பி பேட் இருந்தால் தொல்லையே இல்லை.

வீட்டு டிவியில் போட்டால் அமைப்பில் கேம் மோடு என்று இருப்பதை இயக்குங்கள். படத்தை மெருகேற்றும் வேலையில் சில டிவிகள் 100 மில்லிவினாடி வரை தாமதிக்கும், அது 6 ஃபிரேம். மேலே சொன்ன 23 அப்போது 29 ஆகும், அதற்குள் எதிராளியின் கால் மடங்கிவிட்டிருக்கும். வெறும் வீச்சைச் சரியாகப் பார்த்தும் மறுஅடி தொடர்ந்து தடுப்பில் போய் விழுகிறது என்றால், கையைக் குறை சொல்லும் முன் டிவியைப் பாருங்கள்.