மாடு போன இடத்தில் ரோடு

நம் ஊர்க் கடைவீதியைப் படம் எடுத்தால் அதில் ஒரு மாடு இருந்தே தீரும். பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் ஹாரன் அடித்தாலும் நடுக்கோட்டின் மேல் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும். படத்திலிருந்து மாட்டை அழிப்பது பெரிய வேலையில்லை, செல்போனிலேயே விரலால் தேய்த்தால் போய்விடும். ஆனால் அது மறைத்துக்கொண்டிருந்த தாரும் வெள்ளைக் கோடும் கேமராவில் பதிவாகவே இல்லை. அவற்றைப் பக்கத்தில் இருக்கும் ரோட்டைப் பார்த்து நாம்தான் போட வேண்டும்.

ஊகிக்காமல் நிஜ ரோட்டையே பெற ஒரு வழி உண்டு. கேமராவை ஸ்டாண்டில் அசையாமல் வைத்து, சில நொடி இடைவெளியில் பல படங்கள் எடுத்து, ஒவ்வொரு பிக்சலுக்கும் எல்லாப் படங்களிலும் உள்ள மதிப்புகளை வரிசைப்படுத்தி நடு மதிப்பை மட்டும் எடுப்பார்கள். ஓரிடம் பாதிக்கு மேற்பட்ட படங்களில் காலியாக இருந்தால் அங்கே ரோடு தெரிந்துவிடும். குறுக்கே ஓடும் நாய், பைக், நடந்துபோகிறவர் எல்லாம் மறைந்துவிடுவார்கள். மாடு மட்டும் அப்படியே இருக்கும், ஏனென்றால் அது எல்லாப் படத்திலும் அதே இடத்தில்தான் படுத்திருக்கிறது. போக்குவரத்து மொத்தமும் காணாமல் போய், வெறிச்சோடிய சாலையில் மாடு மட்டும் மிஞ்சிய படம் கிடைக்கும்!

ஆகவே ஒரே படத்தை வைத்துத்தான் வேலை செய்தாக வேண்டும். படத்தில் விழுந்த ஓட்டையைக் கணிப்பொறியே நிரப்பும் முறைகளுக்குக் கால் நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. 2000-இல் ஆய்வாளர் பெர்டால்மியோவும் அவருடைய கூட்டாளிகளும் சொன்ன வழியில், ஓட்டையின் விளிம்பில் உள்ள நிறம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே பரவும். மெல்லிய கீறலுக்கு இது போதும். மாடு அளவு ஓட்டையில் புகைமூட்டம்தான் வரும். சில ஆண்டுகளில் கிரிமினிசி, பெரஸ், டோயாமா மூவரும் படத்தின் மற்ற இடங்களிலிருந்து சிறு துண்டுகளை எடுத்து ஒட்டும் முறையைத் தந்தார்கள். கோடுகள் வந்து முட்டும் விளிம்புகளை முதலில் நிரப்ப வேண்டும் என்பது அவர்களின் நல்ல யோசனை. பொருத்தமான துண்டை வேகமாகத் தேடும் பாட்ச்மேட்ச் முறை 2009-இல் வந்தது. துண்டு ஒட்டும் முறைகள் புல்வெளிக்கும் மணலுக்கும் அழகாக வேலை செய்யும். ரோட்டில் சறுக்கும். துண்டை இடம் மாற்றி ஒட்டும் இந்த முறைகள், படத்தில் எங்கு எடுத்தாலும் தார் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று நம்பிவிடுகின்றன.

நிஜத்தில் ரோட்டுப் படத்தின் ஒவ்வொரு வரிசை பிக்சலும் வேறொரு தூரம். இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 12 மெகாபிக்சல் போன் கேமராவில் படத்தின் அகலம் 4000 பிக்சல். சாதாரண முதன்மை லென்ஸுக்கு, பிக்சல் கணக்கில் குவியத் தூரம் சுமார் 3000. போனை 1.5 மீட்டர் உயரத்தில் நேராகப் பிடித்திருந்தால், தரையில் இருக்கும் ஒரு புள்ளி தொடுவானத்துக்கு எத்தனை பிக்சல் கீழே தெரியும் என்பதற்குச் சூத்திரம் ரொம்பச் சின்னது:

```
y = 3000 × 1.5 / தூரம் = 4500 / தூரம்
```

6 மீட்டரில் இருக்கும் புள்ளி 750 பிக்சல் கீழே, 13.5 மீட்டரில் இருப்பது 333 பிக்சல் கீழே, 21 மீட்டரில் இருப்பது 214 பிக்சல் கீழே. தூரம் ஏற ஏற ரோடு படத்தில் நசுங்கிக்கொண்டே போகிறது. 6 மீட்டரில் ஒரு பிக்சல் வரிசை 8 மில்லிமீட்டர் நீள ரோட்டைக் காட்டினால், 13 மீட்டரில் கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டரையும், 32 மீட்டரில் 20 சென்டிமீட்டருக்கும் மேலேயும் காட்டும்.

மாடு எவ்வளவு ரோட்டை மறைக்கிறது என்பதும் இதிலிருந்தே வரும். படுத்திருக்கும் மாட்டின் உயரம் 90 சென்டிமீட்டர், அது 13 மீட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேமராவிலிருந்து மாட்டின் முதுகை உரசிப் போகும் பார்வைக்கோடு தரையைத் தொடுவது 32 மீட்டருக்கு அப்பால். ஆக, படத்தில் ஒரே ஒரு மொத்தையாகத் தெரிவது தரையில் சுமார் 20 மீட்டர் நீளமுள்ள ஓட்டை. அதன் அடிப்பகுதியில் வேண்டிய தாரும் மேல்பகுதியில் வேண்டிய தாரும் வேறு வேறு அளவில் இருக்க வேண்டும். நிற்கும் மாடு என்றால் இன்னும் மோசம், தொடுவானத்துக்குப் பக்கம் வரை மறைத்துவிடும்.

முதலில் வெள்ளைக் கோட்டைச் சரிசெய்வது நல்லது, அதன் இடம் கணக்கிலேயே வந்துவிடும். சாலையின் ஓரக்கோட்டையும் நடுக்கோட்டையும் படத்தில் நீட்டினால் அவை சந்திக்கும் புள்ளி தொடுவானத்தில் இருக்கும். அங்கிருந்து அளக்கத் தொடங்க வேண்டும். விட்டுவிட்டுப் போடும் நடுக்கோட்டில் எல்லாத் துண்டுகளும் சம இடைவெளியில் இருப்பதால், துண்டுகளின் தொடக்கங்களுக்கு y மதிப்பை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் 1/y கணக்கிட்டால் அவை சம இடைவெளியில் ஏறும். கேமரா உயரமோ லென்ஸோ தெரிய வேண்டியதில்லை, போன் கொஞ்சம் குனிந்திருந்தாலும் பரவாயில்லை.

நாம் சாலை ஓரத்தில் நிற்கிறோம். முதல் துண்டு 750-இல் தொடங்கி 500-இல் முடிகிறது. இரண்டாவது துண்டு மாட்டுக்கு அடியில். சாய்வாகப் போகும் கோடு மாட்டைத் தாண்டி வெளியே வந்ததும் மூன்றாவது துண்டு 214-இல் தொடங்கி 188-இல் முடிகிறது. 1/750-க்கும் 1/214-க்கும் சராசரி சுமார் 1/333. எனவே மறைந்த துண்டு 333-இல் தொடங்கும். முடிவுகளுக்கும் இதே சராசரியை எடுத்தால் 273 வரும். அவ்வளவுதான், துண்டு கிடைத்துவிட்டது. கண்மதிப்பில் 750-க்கும் 214-க்கும் நடுவே 482-இல் வைத்திருந்தால், 13.5 மீட்டரில் இருக்க வேண்டிய துண்டு 9.3 மீட்டருக்கு வந்திருக்கும். முதல் துண்டோடு கிட்டத்தட்ட ஒட்டியே நிற்கும். தானியங்கி நிரப்பிகளும் இந்தத் தவறைச் செய்யலாம். வளைவிலும் ஏற்ற இறக்கத்திலும் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே கூடுதல் துண்டுகளைப் பார்த்துக் கண்ணால்தான் சரிக்கட்ட வேண்டும்.

புதிய துண்டை வெள்ளைப் பெட்டியாக வரைந்தால் உடனே காட்டிக்கொடுக்கும். டயர் அழுக்கும் தேய்ந்த ஓரமும் அதில் இருக்க வேண்டும். அதற்கு முதல் துண்டையே பிரதியெடுத்து, நான்கு மூலைகளையும் புதிய இடத்துக்கு இழுத்துச் சுருக்கலாம். அகலமும் y-க்கு ஏற்ற விகிதத்தில் குறையும். முதல் துண்டின் அடி 50 பிக்சல் என்றால் புதியதன் அடி 22. எப்போதும் பக்கத்தில் இருப்பதைத் தூரத்துக்குக் கொண்டுபோங்கள். தூரத்தில் இருப்பதைப் பெருக்கினால் மங்கிவிடும்.

அடுத்தது தார். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி இது. ஒட்ட வேண்டிய தாரை எந்தத் திசையிலிருந்து எடுப்பது? ஜல்லியின் சொரசொரப்பு தூரத்தைப் பொறுத்தது என்பதால், அதே வரிசையில் பக்கவாட்டிலிருந்து எடுக்க வேண்டும். 13 மீட்டரில் 1 சென்டிமீட்டர் ஜல்லி இரண்டு பிக்சல் அளவு தெரியும். கீழே, 6 மீட்டரில் இருக்கும் தாரைக் கொண்டுவந்து ஒட்டினால் ஜல்லி இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாகிவிடும். ஆனால் ரோட்டின் கருமை வேறு விதமாக மாறுகிறது. சக்கரம் ஓடும் தடம் வழவழப்பாகத் தேய்ந்திருக்கும், நடுவில் எண்ணெய் சொட்டிக் கறுத்திருக்கும், ஓரத்தில் புழுதி படிந்து வெளுத்திருக்கும். இந்தப் பட்டைகள் எல்லாம் ரோட்டின் நீளவாக்கில் ஓடுகின்றன. பக்கவாட்டில் எடுத்தால் ஜல்லி சரியாகும், பட்டை அறுந்துவிடும். நீளவாக்கில் எடுத்தால் பட்டை சரியாகும், ஜல்லி கெட்டுவிடும்.

இரண்டையும் பிரித்துவிட்டால் தீர்ந்தது. படத்தை நன்றாக மங்கலாக்கி ஒரு லேயரில் வைத்தால் அதில் வெளிச்சமும் கருமையும் மட்டும் இருக்கும். அசல் படத்திலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவது சொரசொரப்பு. மங்கல் லேயரைக் கோடுகள் சந்திக்கும் அந்தப் புள்ளியை நோக்கி, பட்டைகளின் வழியே மேலும் கீழும் இருந்து நிரப்ப வேண்டும். சொரசொரப்பு லேயரை அதே வரிசையில் இடம் வலமாக எடுத்து நிரப்ப வேண்டும். இரண்டையும் கூட்டினால் தார் வந்துவிடும். சொரசொரப்பை ஒரே இடத்திலிருந்து திரும்பத் திரும்ப எடுக்கக் கூடாது. ஒரே வெள்ளைக் கல் மூன்று இடத்தில் தெரிந்தால் போச்சு.

மாட்டின் நிழலை நிறையப் பேர் விட்டுவிடுவார்கள், அல்லது அதையும் சேர்த்து அழித்துவிடுவார்கள். வயிற்றுக்கு அடியில் இருக்கும் கன்னங்கரிய பகுதியை அழிக்கத்தான் வேண்டும். அதற்கு வெளியே நீளும் நிழலில் நிஜமான தார் இருக்கிறது, அதை ஏன் இழக்க வேண்டும்? நிழலுக்கு வானத்து வெளிச்சம் மட்டும் வருவதால் அது நீலம் பாய்ந்திருக்கும். அதனால் சிவப்பை அதிகமாகவும், பச்சையை அதைவிடக் குறைவாகவும், நீலத்தை எல்லாவற்றையும்விடக் குறைவாகவும் தூக்கினால் வெயிலில் இருக்கும் தாரோடு பொருந்திவிடும். நிழலின் விளிம்பில் மட்டும் மெல்லிய கோடு மிஞ்சும், அந்த இடத்துக்குப் பிரதி போதும். சாணியையும் ஈரத்தையும் மறக்காமல் பார்க்க வேண்டும்.

கடைசியில் இரைச்சல் புள்ளிகள். சுருக்கிய துண்டில் பல பிக்சல்கள் ஒன்றாகிவிடுவதால், கேமரா இயல்பாகப் போடும் புள்ளிகள் குறைந்து அந்த இடம் மட்டும் துடைத்து வைத்த மாதிரி இருக்கும். தூக்கிய நிழலில் இதற்கு நேர்மாறாகப் புள்ளிகள் பெருகியிருக்கும். முதலாவதுக்குக் கொஞ்சம் இரைச்சல் சேர்த்து, இரண்டாவதுக்குக் கொஞ்சம் குறைத்துச் சமப்படுத்துவார்கள். சரியாக வந்ததா என்று பார்க்க, படத்தின் கான்ட்ராஸ்டைக் கண் கூசும் அளவுக்கு ஏற்றினால் போதும். ஒட்டுப்போட்ட இடம் திட்டாகத் துருத்திக்கொண்டு தெரியும்.

நாய்க்கு இவ்வளவும் தேவைப்படாது. 20 மீட்டரில் நிற்கும் அரை மீட்டர் உயர நாய் படத்தில் 75 பிக்சல்தான். கோட்டைத் தொடாமல் நின்றால் தானியங்கி நிரப்பியே போதும்.

இவ்வளவும் செய்த பிறகும் மாட்டைக் காட்டிக்கொடுக்கும் ஒன்று பிக்சல்களுக்கு வெளியே இருக்கிறது. வழியில் மாடு படுத்திருந்தபோது எடுத்த படம் அல்லவா? மூன்று பைக்கும் ஓர் ஆட்டோவும் அதைச் சுற்றிக்கொண்டு போகின்றன. ஒருவர் காலைத் தரையில் ஊன்றிச் சாய்ந்திருக்கிறார், பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண் கீழே எதையோ பார்த்து முகம் சுளிக்கிறார். மாட்டை எடுத்துவிட்டால், நல்ல தார் ரோட்டின் நடுவே காலியான இடத்தை எல்லோரும் ஏன் வளைந்து வளைந்து தாண்டுகிறார்கள் என்பதற்குப் படத்தில் பதில் இருக்காது. ரோட்டைக் கட்டியது போல இந்த வண்டிகளை நேராக்க முடியாது. அவற்றையும் அழிப்பதா, அல்லது மாடு எழுந்து போகும்வரை காத்திருந்து வேறு படம் எடுப்பதா என்று முடிவு செய்துவிட்டு எடிட்டிங்கைத் தொடங்குவது நல்லது.