ஒதுக்கிய உணவைத் திரும்பச் சாப்பிட்டால் வயிறு ஏன் உப்புகிறது?

அந்தப் பெண் முதல் நாள் வந்தபோது கையில் ஒரு நோட்டு வைத்திருந்தார். இடது பக்கம் "சாப்பிடலாம்", வலது பக்கம் "கூடாது". இடது பக்கத்தில் பதினோரு பெயர்கள்தான். வலது பக்கம் நிரம்பி அடுத்த தாளுக்குப் போயிருந்தது. சர்க்கரையில் தொடங்கி எண்ணெய், பால், கோதுமை, பருப்பு வகைகள் என்று எட்டு மாதத்தில் வளர்ந்த பட்டியல் அது. ஒவ்வொன்றுக்கும் எதிரே தேதியும் காரணமும் இருந்தன. பாலுக்கு நேரே, "மறுபடி குடித்துப் பார்த்தேன், வயிறு உப்பியது. நிரூபணம்" என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தார்.

அந்த "நிரூபணம்" என்ற சொல்லைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். உணவியல் ஆலோசனைக்கு வருகிற பலரும் இதே சொல்லைத்தான் வெவ்வேறு விதமாகச் சொல்கிறார்கள். (அவரை அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

சுத்தமான உணவு, சரியான உணவு என்ற எண்ணமே ஆளை விழுங்கிவிடும் நிலைக்கு ஆர்த்தொரெக்சியா என்று பெயர். ஸ்டீவன் பிராட்மன் என்ற அமெரிக்க மருத்துவர் 1997-இல் வைத்த பெயர் இது. மனநல மருத்துவர்களின் அதிகாரபூர்வ நோய்ப் பட்டியலில் இது இன்னும் தனி நோயாக இடம்பெறவில்லை. அதனால் உடலில் நடப்பது நடக்காமல் போய்விடாது. எடை குறைய வேண்டும் என்பது இவர்களுடைய முதல் நோக்கமாக இருப்பதில்லை. "எனக்கு ஒல்லியாக ஆசை இல்லை, ஆரோக்கியமாக இருக்கத்தான் ஆசை" என்பார்கள். அது பொய்யும் இல்லை. வீட்டில் இருப்பவர்கள் கவனிக்காமல் விடுவதற்கு இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். ஆரோக்கியமாகச் சாப்பிடுகிற பிள்ளையை யார் கண்டிப்பார்கள்?

இந்தப் பெண்ணுக்கு வயது 27, உயரம் 161 செ.மீ. எடை 61 கிலோவிலிருந்து 51-க்கு வந்திருந்தது. பி.எம்.ஐ. கணக்குப்படி 51 கிலோ என்பது நார்மல். அதைப் பார்த்து யாரும் பதறமாட்டார்கள். ஆனால் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 46, ஐந்து மாதமாக மாதவிடாய் இல்லை, அறையில் மின்விசிறியை நிறுத்தச் சொன்னார், கை சில்லென்று இருந்தது. உடலுக்கு வரவு போதவில்லை என்றால் அது செலவைக் குறைக்கும். இதயத்தை மெதுவாக்கும், உடல் சூட்டைக் குறைக்கும், மாதவிடாயை நிறுத்தி வைக்கும். குடலையும் விட்டுவைக்காது.

நிரூபணத்தின் முடிச்சு அந்தக் குடலில்தான் இருக்கிறது. மாதக்கணக்கில் குறைவாகச் சாப்பிட்டால் இரைப்பை காலியாகும் வேகம் குறைந்துவிடும். ஒரு கைப்பிடி சாப்பிட்டாலே வயிறு முட்டிய மாதிரி, மணிக்கணக்கில் கல் கிடக்கிற மாதிரி இருக்கும். பெருங்குடலும் சோம்பி மலச்சிக்கல் வரும். அங்கே வாழும் நுண்ணுயிர்களும் நாம் தினமும் தருகிற உணவுக்கு ஏற்ப மாறுகின்றன. தொடர்ந்து பால் குடிப்பவரின் குடல் கிருமிகள் பாலில் உள்ள சர்க்கரையைக் கையாளப் பழகியிருக்கும். பல மாதம் நிறுத்திவிட்டு ஒரு நாள் ஒரு டம்ளர் குடித்தால் வாயு வரத்தான் செய்யும். கோதுமைக்கும் பருப்புக்கும் இது பொருந்தும். இதற்கு மேல், இன்று ஏதோ ஆகப்போகிறது என்று வயிற்றையே கவனித்துக்கொண்டு உட்கார்ந்தால் சாதாரண அசைவுகூட வலியாகத் தெரியும்.

அவருக்கு வந்த உப்புசம் கற்பனை இல்லை. ஆனால் அதற்குக் காரணம் பால் என்பதைவிட, பாலை நிறுத்தியதும் குறைவாகச் சாப்பிட்டதும்தான். இதைச் சாப்பிடக் கூடாது என்று அவரே போட்டுக்கொண்ட விதியால் வந்த விளைவே அந்த விதிக்குச் சாட்சியாகிவிடுகிறது. பால் போனதும் அடுத்து ஏதோ உறுத்தும், அதுவும் போகும். இடது பக்கம் இப்படித்தான் பதினொன்றுக்கு வந்தது.

இதே கண்ணி ரத்தப் பரிசோதனையிலும் உண்டு. அவருக்குக் கொலஸ்ட்ரால் கூடியிருந்தது. "இன்னும் கொழுப்பு எங்கிருந்தோ வருகிறது" என்று எண்ணெயை முழுவதும் நிறுத்தியிருக்கிறார். உண்மையில், நீண்ட நாள் அரைவயிறாக இருப்பவர்களுக்குக் கொலஸ்ட்ரால் ஏறுவது நாங்கள் வழக்கமாகப் பார்ப்பதுதான்.

சரி, என்ன செய்தோம்? முதல் வேலை உணவுப் பட்டியல் போடுவது அல்ல. எடையில் ஆறில் ஒரு பங்கு போயிருக்கிறது, நாடி 46. அதனால் மருத்துவரிடம் அனுப்பி இசிஜி, பொட்டாசியம், பாஸ்பேட், மக்னீசியம் எல்லாம் பார்க்கச் சொன்னேன். பட்டினியில் இருந்த உடலுக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நல்லவேளை, இவருக்கு அவை சரியாக இருந்தன. இரும்புச் சத்து சேமிப்பு மட்டும் அடிமட்டத்தில் இருந்தது, அதற்கு மாத்திரை கொடுத்தார்கள். மனநல ஆலோசகர் ஒருவரும் கூடவே பார்த்துவந்தார். பயத்தை என்னால் உணவுத் தட்டில் மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது.

முதல் மூன்று வாரம் புதிதாக எதையும் சேர்க்கவில்லை. அதே பதினோரு உணவுகள்தான், ஆனால் மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் மூன்று சிறு தீனி, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். இரைப்பை மறுபடி வேகம் பிடிக்க வழக்கமான நேரத்தில் உணவு வர வேண்டும். இதைச் செய்யாமல் ஒதுக்கிய உணவை உடனே கொடுத்தால் இன்னொரு "நிரூபணம்" கிடைக்கும், அவ்வளவுதான்.

அப்புறம் பால். தனியாக இல்லை, சாப்பாட்டோடு 50 மி.லி. நான்கு நாள் அதே அளவு, பிறகு 100, பிறகு 200. வயிறு உப்பினால் நிறுத்தக் கூடாது என்று முன்பே பேசிக்கொண்டோம். ஆனால் தோலில் தடிப்பு, உதடு வீக்கம், தொடர் வாந்தி, மூச்சுத் திணறல், மலத்தில் ரத்தம் இவற்றில் எது வந்தாலும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் இருந்தது. உண்மையான ஒவ்வாமை இருப்பதாக ஏற்கெனவே தெரிந்தவர்கள் இதை வீட்டில் செய்து பார்க்கவே கூடாது. கோதுமையை நிறுத்தியவர்களுக்கு இன்னொன்று: கோதுமைப் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கான பரிசோதனை, கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது செய்தால்தான் நம்பகமாக இருக்கும். நிறுத்தி எட்டு மாதம் கழித்து வந்த "நெகட்டிவ்" எதையும் சொல்வதில்லை.

நோட்டைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. "நிரூபணம்" என்று எழுதும் இடத்தில், உப்புசம் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று மட்டும் எழுதச் சொன்னேன். முதல் நாள் ஐந்து மணி நேரம். ஆறாம் நாள், அளவு கூடியிருந்தும், மூன்று. பன்னிரண்டாம் நாள் நாற்பது நிமிடம். அந்தக் கட்டத்தில் அவரே பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "பாலே குடிக்காத நாட்களிலும் இந்த அளவுக்கு உப்பியிருக்கிறதே" என்றார். நான் பத்துத் தடவை விளக்கியும் ஏறாதது அவருடைய சொந்தக் கையெழுத்தில் ஏறியது.

கோதுமை இதைவிடக் கஷ்டமாக இருந்தது. பாதித் துண்டு ரொட்டியைப் பார்த்து அழுதார், மறுநாள் அதற்கு ஈடாகக் காலை உணவை விட்டுவிட்டார். இந்த ஈடுகட்டலைத்தான் நான் எடையைவிடக் கவனமாகப் பார்ப்பேன். பிடிக்காததைச் சாப்பிடாமல் இருப்பது எல்லோரும் செய்வது. விதி மீறினால் தண்டனை என்று வந்துவிட்டால் அது வேறு விஷயம்.

ஏழாவது மாதம் மாதவிடாய் வந்தது. எடை 57. இடது பக்கத்தில் இப்போது முப்பத்து நான்கு பெயர்கள். பருப்பு வகைகள் இன்னும் வலது பக்கத்தில்தான் இருக்கின்றன. அடுத்த மாதம் ஆரம்பிக்கலாம் என்று பேசி வைத்திருக்கிறோம், முதலில் இரண்டு ஸ்பூன்.