பாத்திரத்துக்கு வெளியே எரியும் தீ

போன வாரம் பழுதுக்கு ஓர் அடுப்பு வந்தது. ஒற்றை பர்னர், அடுப்பிலேயே பர்னருக்குப் பக்கத்தில் உள்ள சின்ன அறைக்குள் கேஸ் கேனைப் படுக்கவைத்து லீவரை அழுத்தும் வகை. இரண்டு நாள் கரண்ட் இல்லாத வீட்டிலிருந்து வந்திருந்தது. கொண்டு வந்தவர் இரண்டு குறை சொன்னார். ஒன்று, இரண்டு வேளை சமைப்பதற்குள் ஒரு கேன் தீர்ந்துவிடுகிறது. இன்னொன்று, பாதியில் தானாகவே அணைந்துவிடுகிறது.

திருப்பிப் பார்த்தேன். லீவரைச் சுற்றி மெல்லிய கட்டுக்கம்பி இறுக்கி முறுக்கியிருந்தது.

"இது எதுக்குங்க?"

"லீவர் அடிக்கடி மேல வந்துடுது சார். அதான் கட்டி வெச்சேன்."

கேன் அறையின் மூடியில் பெயிண்ட் பழுப்பாகிக் கொப்புளம் விட்டிருந்தது. அந்த லீவர் ஏன் மேலே வந்தது என்பதற்கு அதைவிடப் பெரிய விளக்கம் வேண்டியதில்லை. கேன் சூடாகி உள்ளே அழுத்தம் கூடினால் கேஸை நிறுத்துவதற்கென்றே ஒரு பாதுகாப்பு அமைப்பு இருக்கிறது. அவருடைய அடுப்பில் அது லீவரை விடுவித்துக் கேனைப் பின்னுக்குத் தள்ளும். அது சரியாக வேலை செய்திருக்கிறது, ஒரு தடவை அல்ல, பல தடவை. அதைத்தான் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார். இப்படிக் கட்டி, ஒட்டி, குச்சி செருகி வரும் அடுப்புகளைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எந்தப் பாத்திரத்தில் சமைத்தீர்கள், கொண்டு வாருங்கள் என்றேன். மறுநாள் இரண்டு வந்தன. ஒன்று அடி குறுகிய, உயரமான சின்னப் பாத்திரம். பக்கமெல்லாம் கரி, கைப்பிடி பாதி உருகியிருந்தது. மற்றொன்று நீளமான வார்ப்பிரும்புக் கல். அடுப்பின் மேல் வைத்தால் கேன் அறையை முழுவதும் மூடிவிடுகிறது. முதல் பாத்திரம் கேஸைத் தின்றது, இரண்டாவது கேனைச் சூடாக்கியது. இரண்டு குறைக்கும் அடுப்பு காரணமில்லை.

முதலில் சின்னப் பாத்திரத்தின் கதை. என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நம்புவது இதுதான்: தீயைப் பெரிதாக வைத்தால் சீக்கிரம் வேகும், சீக்கிரம் வெந்தால் கேஸ் மிச்சம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. தீ முழுக்கப் பாத்திரத்தின் அடியில் படும்வரை அது ஓரளவு உண்மையும்கூட. அடியைத் தாண்டிப் பக்கவாட்டில் ஏறும் தீயோ பெரும்பாலும் காற்றைத்தான் சூடாக்குகிறது. பக்கத்தில் ஏறும் சூடும் பாத்திரத்துக்குத்தானே போகிறது என்பார்கள். கொஞ்சம் போகும். மீதியெல்லாம் உங்கள் கைப்பிடிக்கும் கூரைக்கும் போகும்.

அவர் நம்பவில்லை. சரி என்று அவர் முன்னாலேயே செய்து காட்டினேன். சமையலறைத் தராசு ஒன்று கடையில் வைத்திருக்கிறேன், கேனை எடை போடுவதற்காகவே. அவருடைய குறுகிய பாத்திரத்தில் ஒரு லிட்டர் தண்ணீர், மூடி இல்லை, தீ முழுசு. எட்டு நிமிடத்துக்குச் சற்று மேலே கொதித்தது. கேனில் 22 கிராம் குறைந்திருந்தது. அடுத்து என்னிடமிருந்த, அடி 20 சென்டிமீட்டர் அகலமுள்ள தட்டையான பாத்திரம். அதே ஒரு லிட்டர், மேலே மூடி, தீ பாதிக்குச் சற்று மேல். ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஆனது. செலவு 14 கிராம்.

ஒரு நிமிடம் தாமதம், எட்டு கிராம் மிச்சம். 220 கிராம் கேனுக்கு இதைக் கணக்குப் போடுங்கள். முதல் முறையில் பத்து லிட்டர் கொதிக்கும், இரண்டாவதில் பதினைந்தைத் தாண்டும். கரண்ட் எப்போது வரும் என்று தெரியாத ராத்திரியில் அந்த ஐந்து லிட்டர் வித்தியாசம் என்னவென்று நான் சொல்ல வேண்டாம்.

தண்ணீர் கொதித்த பிறகும் முழுத் தீயிலேயே விடுவது இதைவிடக் கொடுமை. கொதிக்கும் தண்ணீர் கொதிநிலையைத் தாண்டிச் சூடாகாது. தீயை எவ்வளவு ஏற்றினாலும் ஆவிதான் அதிகமாகும், உள்ளே இருக்கும் அரிசியோ பருப்போ ஒரு நிமிடம்கூட முன்னதாக வேகாது. இந்த அளவு அடுப்புகள் முழுத் தீயில் மணிக்கு 150, 160 கிராம் கேஸ் எரிப்பவை. மூடி போட்டுக் கொதியைத் தக்கவைக்க அதில் நாலில் ஒரு பங்கு போதும். கொதி வந்ததும் சிம். அவ்வளவுதான். ஆனால் அடுப்பை விட்டு நகராதீர்கள். சிம்மில் இருக்கும் தீ ஒரு காற்றுக்கோ பொங்கி வழியும் நீருக்கோ அணைந்துவிடும். இந்த அடுப்புகள் பலவற்றில் தீ அணைந்தால் கேஸை நிறுத்தும் அமைப்பு கிடையாது.

தீ எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு அளவுகோல் தேவையில்லை. குனிந்து பக்கத்திலிருந்து பாருங்கள். தீயின் நுனி பாத்திரத்தின் அடி விளிம்புக்கு ஒரு விரல்கடை உள்ளே நிற்க வேண்டும், நிறம் நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாக எரிந்து கரி பிடித்தால் கேஸ் சரியாக எரியவில்லை. பர்னர் துளையில் அழுக்கு இருக்கலாம், காற்று போதாமல் இருக்கலாம், கேனைத் தவறாகப் போட்டிருக்கவும் கூடும். இந்தக் கடைசிக் காரணம் பலருக்குத் தெரியாது. கேனின் கழுத்து வளையத்தில் ஒரு வெட்டு இருக்கும். அது மேலே பார்த்தபடி, அடுப்பிலுள்ள முளையில் பொருந்த வேண்டும். உள்ளே இருக்கும் வளைந்த குழாய் அந்தப் பக்கம்தான் திரும்பியிருக்கும். வெட்டு மேலே இருந்தால் ஆவி வரும். புரட்டிப் போட்டால் திரவமே பர்னருக்கு வந்து, தீ முழ உயரத்துக்கு மஞ்சளாக எழும்.

இப்போது அந்த இரும்புக் கல்லுக்கு வருவோம். அகலமான பாத்திரம் நல்லது என்று மேலே சொன்னதைப் பிடித்துக்கொண்டு யாரும் அண்டாவைத் தூக்கிவைக்க வேண்டாம். அகலம் கேன் அறையின் விளிம்போடு நிற்க வேண்டும். அதைத் தாண்டினால் பாத்திரத்தின் அடியில் பட்ட சூடு திரும்பிக் கீழே கேன் மேல்தான் இறங்கும். உங்கள் அடுப்புக்கான பாத்திர அளவு கையேட்டில் இருக்கும், அதை மீறாதீர்கள். இரண்டு அடுப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மேலே ஒரே நீளக் கல்லைப் போடுவது, பர்னரைச் சுற்றி அலுமினியத் தாளைச் சுற்றுவது, கரியைப் பற்றவைக்க இந்த அடுப்பைப் பயன்படுத்துவது எல்லாமே அதே தவறின் வேறு வேறு உருவங்கள். முகாமில் காற்று அடித்தால் அடுப்பைத் தடுப்புக்குப் பின்னால் நகர்த்துங்கள், அல்லது காற்று வரும் பக்கம் மட்டும் சற்றுத் தள்ளி ஒரு மறைப்பு வையுங்கள். சுற்றி வளைத்து மூடாதீர்கள்.

கனமும் கவனிக்க வேண்டியது. மூன்று கிலோ வார்ப்பிரும்பு கொதிநிலைச் சூட்டுக்கு வருவதற்கே ஏறக்குறைய மூன்றில் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் வெப்பம் போய்விடும். கேஸ் அளவாக இருக்கும்போது மெல்லிய, தட்டையான, மூடி உள்ள பாத்திரமே போதும்.

அவர் இன்னொன்றும் சொன்னார். "கேன்ல பாதி இருக்கும்போதே தீ குறைஞ்சுடுது சார், தீர்ந்துடுச்சுன்னு ரெண்டு கேனைத் தூக்கிப் போட்டுட்டேன்." கேன் மேல் வேர்த்திருந்ததா என்று கேட்டேன். ஆமாம், சில்லென்று இருந்தது என்றார். அது தீர்ந்த கேன் அல்ல, குளிர்ந்த கேன். உள்ளே திரவமாக இருக்கும் பியூட்டேன் ஆவியாகும்போது கேனிலிருந்தே சூட்டை இழுத்துக்கொள்கிறது. அதன் கொதிநிலை பூஜ்யம் டிகிரியை ஒட்டியது, ஆகவே கேன் குளிரக் குளிர ஆவி குறையும், தீயும் சுருங்கும். முழுத் தீயில் எரித்தால் இன்னும் வேகமாகக் குளிரும். குளிர் பிரதேசத்தில் முகாம் போட்டவர்களுக்கு இது காலையிலேயே நடக்கும். இதற்கு மருந்து, வேறொரு கேனை மாற்றிவிட்டு இதைச் சாதாரண வெப்பத்துக்கு வரவிடுவது. வெந்நீரில் போடுவது, தீயில் காட்டுவது, பாத்திரத்துக்கு அடியில் தள்ளுவது இவற்றையெல்லாம் செய்துவிட்டு என்னிடம் வந்து சொல்லாதீர்கள், எனக்குத் தாங்காது.

மீதி எவ்வளவு என்று தெரிய வேண்டுமா? புதுக் கேனை எடை போட்டு, அந்த எண்ணை அதன் மேலேயே எழுதிவிடுங்கள். பிறகு எப்போது எடை போட்டாலும் எவ்வளவு செலவானது என்பது தெரிந்துவிடும். உள்ளே இருந்த கேஸின் எடை கேனிலேயே அச்சாகியிருக்கும்.

ஒரு விஷயத்தை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கூடாரத்துக்குள் இதைப் பற்றவைக்காதீர்கள். குளிருக்கு, மழைக்கு, ஐந்து நிமிடத்துக்கு என்று எந்தக் காரணமும் வேண்டாம். வீட்டில் என்றால் சன்னல் திறந்திருக்கட்டும். தீ பெரிதாகிக் குளிர்ந்த பாத்திரத்தில் மோதினாலும், அறையில் காற்று குறைந்தாலும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனை கிடையாது. சமைக்கும்போது தலைவலி, குமட்டல், தூக்கம் தள்ளுவது போல் இருந்தால் அணைத்துவிட்டு முதலில் எல்லோரும் வெளியே வாருங்கள். அப்புறமும் தெளியாவிட்டால் மருத்துவமனை.

சமைத்து முடித்ததும் திருகை மூடி, லீவரைத் தூக்கி, கேனை வெளியே எடுத்து மூடி போட்டு நிழலில் வையுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் வேண்டாம். லீவர் தானாக மேலே வந்தால் திருகை மூடுங்கள், பாத்திரத்தை இறக்குங்கள், கேனைத் தொடாமல் அடுப்பு முழுவதும் ஆறவிடுங்கள். கேன் ஏன் சூடானது என்று கண்டுபிடிக்காமல் மறுபடி அழுத்தாதீர்கள்.

அவருடைய கம்பியை வெட்டி எடுத்தேன். கீழே ஸ்பிரிங் வளைந்து, ரப்பர் வளையம் இறுகிக் கல்லாகியிருந்தது. இதை நான் சரிசெய்து தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வேறு அடுப்பு வாங்கப் போகும்போது வீட்டிலுள்ள பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய், அடுப்பின் மேல் வைத்துப் பார்த்து வாங்கச் சொன்னேன். இரும்புக் கல்லை மட்டும் கடையிலேயே மறந்துவிட்டுப் போயிருக்கிறார். கேட்டு வரும்வரை இங்கேயே இருக்கட்டும்.