லாகின் பக்கம் வந்துவிட்டால் லாக்அவுட் முடிந்துவிட்டதா?

இந்த மாதமும் அதே புகார். ஒருவர் போனைத் தொலைத்துவிட்டார். உடனே லேப்டாப்பில் “எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு” பொத்தானை அழுத்தினார். மறுநாள் சர்வர் லாகைப் பார்த்தால், தொலைந்த போன் இரவு முழுக்கத் தகவல்களை எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. டெஸ்ட் அறிக்கையில் அந்தப் பொத்தானுக்கு நேரே “பாஸ்”. ஆதாரம், லேப்டாப்பில் லாகின் பக்கம் தெரியும் ஒரு ஸ்கிரீன்ஷாட்.

டெஸ்ட் செய்பவர்களே, லாகின் பக்கம் லாக்அவுட்டுக்கு ஆதாரம் ஆகாது. அந்த பிரவுசரில் இருந்த குக்கீ போய்விட்டது, அவ்வளவுதான் அதற்குப் பொருள். ஒற்றை லாகின் அமைப்பில் லாகின் சர்வரிடம் ஒரு செஷன் இருக்கும். ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியாகச் சொந்த செஷன் இருக்கும். இவை போக, ஒவ்வொரு கருவியின் கையிலும் டோக்கன்கள். ஒன்றை அழித்தால் மற்றவை தாமாக அழியாது. லேப்டாப்பின் திரையைப் பார்த்துப் போனின் நிலையை எப்படிச் சொல்கிறீர்கள்?

இந்தப் புகாரில், ஏபிஐயிடம் காட்டும் ஆக்சஸ் டோக்கனின் ஆயுள் 15 நிமிடம், அது தீர்ந்ததும் புதியதை வாங்கப் பயன்படும் ரெஃப்ரெஷ் டோக்கனுக்கு 30 நாள். 10:00 மணிக்கு லாக்அவுட் என்று வைத்துக்கொள்வோம். 10:05-க்குப் போன் வேலை செய்தால் அது பிழை அல்ல. ஜேடபிள்யூடி வகை டோக்கனில் ஏபிஐ பொதுவாகக் கையொப்பம், காலாவதி நேரம் போன்று டோக்கனிலேயே இருப்பவற்றை மட்டும்தான் பார்க்கிறது, ஒவ்வொரு முறையும் லாகின் சர்வரிடம் போய்க் கேட்பதில்லை. 10:30-க்கும் போன் வேலை செய்தால் அதுதான் பிழை. ரெஃப்ரெஷ் டோக்கன் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

ஏன் உயிரோடு இருந்தது? மொபைல் ஆப் `offline_access` அனுமதியோடு டோக்கன் வாங்கியிருந்தது. ஓப்பன்ஐடி கனெக்டின் பேக்-சேனல் லாக்அவுட் விதிமுறையே, அப்படி வாங்கிய ரெஃப்ரெஷ் டோக்கன்களைச் சாதாரண லாக்அவுட்டில் ரத்து செய்ய வேண்டாம் என்கிறது. பயனர் திரையை மூடிய பிறகும் ஆப் இயங்குவதற்காகக் கொடுக்கும் அனுமதி அது. ஆகவே “எல்லாக் கருவிகளிலிருந்தும்” என்று பொத்தானில் எழுதினால், அந்த டோக்கன்களைத் தனியாக ரத்து செய்யும் வேலையையும் நீங்களே எழுத வேண்டும்.

சோதிப்பது கடினமில்லை. லாக்அவுட்டுக்கு முன்பே போனின் இரண்டு டோக்கன்களையும் எடுத்து வையுங்கள். பொத்தானை லேப்டாப்பில் அழுத்துங்கள். அப்புறம் இது:

```
curl -i -d grant_type=refresh_token -d client_id=app \
  -d refresh_token=$PHONE_RT https://login.example.test/token
curl -i -H "Authorization: Bearer $PHONE_AT" \
  https://api.example.test/me
```

முதலாவது உடனே 400-உம் `invalid_grant`-உம் தர வேண்டும். இரண்டாவது, காலாவதிக்குப் பிறகு 401 தர வேண்டும். ரத்து செய்யும் முகவரி 200 தந்ததை ஆதாரமாக எழுதாதீர்கள். ஆர்எஃப்சி 7009-இன்படி செல்லாத டோக்கனை அனுப்பினாலும் அது 200-தான் தரும்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, தயவுசெய்து கவனியுங்கள். பல சர்வர்கள் ஒவ்வொரு புதுப்பிப்பிலும் ரெஃப்ரெஷ் டோக்கனையே மாற்றிவிடும். நீங்கள் டோக்கனை நகலெடுத்த பிறகு போன் ஒருமுறை புதுப்பித்திருந்தால், உங்கள் கையில் இருப்பது பழையது. லாக்அவுட் வேலை செய்யாவிட்டாலும் `invalid_grant` வரும், நீங்களும் “பாஸ்” போட்டுவிடுவீர்கள். அதனால் நகலெடுத்ததும் போனை ஃபிளைட் மோடில் போட்டுவிடுங்கள். லாக்அவுட் ஆகும் முன் அந்த நகலைப் பயன்படுத்தியும் பார்க்காதீர்கள்.

காலாவதியைச் சோதிக்க ஆயுளை 2 நிமிடமாகக் குறைப்பார்கள், சரி. ஆனால் மூன்றாவது நிமிடம் டோக்கன் செல்லுபடியானதும் பிழை என்று பதிவு செய்கிறார்கள். கடிகார வேறுபாட்டுக்காக ஏபிஐ கொஞ்சம் சலுகை தரும். டாட்நெட்டில் இயல்பாகவே அது 5 நிமிடம். 7 நிமிடம் தாண்டிப் பாருங்கள், இல்லையென்றால் சலுகையை முதலில் பூஜ்யமாக்குங்கள்.

கடைசியாக, இதற்கு நேர் எதிரான புகார்: “நான் வெளியேறவே இல்லை, என்னைத் தூக்கி வெளியே போட்டுவிட்டது.” ஒரே பிரவுசரில் இரண்டு டேப். ஆக்சஸ் டோக்கன் காலாவதியானதும் இரண்டும் ஒரே ரெஃப்ரெஷ் டோக்கனோடு ஒரே நேரத்தில் சர்வரிடம் போகின்றன. முதல் டேப்புக்குப் புதியது கிடைக்கிறது. இரண்டாவது பழையதை நீட்டுவதால், சர்வர் அதைத் திருட்டு என்று எடுத்துக்கொண்டு அந்த டோக்கன் வரிசை முழுவதையும் ரத்து செய்கிறது. இதை ஒரே டேப்பில் சோதித்து ஒருநாளும் பிடிக்க முடியாது. இரண்டைத் திறந்து வைத்து, காலாவதி வரை காத்திருந்து, இரண்டையும் ஒன்றாகத் தட்டுங்கள். இரண்டுமே தொடர்ந்து வேலை செய்ய வேண்டும். செய்யவில்லை என்றால், ஒரு டேப் புதுப்பிக்கும்போது மற்றது காத்திருக்கும்படி டெவலப்பரிடம் பூட்டு கேளுங்கள்.