டெலிவரி ஊழியரின் டிடிஎஸ் ரீஃபண்ட்: இளம் ஆடிட்டர்களுக்குச் சில குறிப்புகள்

உணவு டெலிவரி செய்பவருக்கு நிறுவனம் தருவது பெரும்பாலும் சம்பளமாக இருக்காது. ஒப்பந்தக்காரருக்குத் தரும் தொகையாகவே கணக்கில் ஏறும். 2025-26 வரை பொருந்திய 1961ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின் 194சி பிரிவின்படி அதில் 1% டிடிஎஸ் பிடிப்பார்கள். பான் எண்ணை ஆதாருடன் இணைக்காமல் விட்டு அது செயலிழந்திருந்தால், பிடித்தம் 20 சதவீதமாகிவிடும். இந்தப் பணத்தைத் திரும்ப வாங்கித் தருவது மட்டுமே ஒரு இளம் ஆடிட்டரின் தனித் துறையாக இருக்கலாம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2025-26இல் ஒருவர் ஈட்டிய மொத்தத் தொகை ரூ.3,20,000. முதல் மூன்று மாதம் பான் செயலிழந்திருந்ததால் ரூ.75,000க்கு 20%, அதாவது ரூ.15,000 பிடித்துவிட்டார்கள். பிறகு ரூ.1,000 கட்டணம் செலுத்தி ஆதாரை இணைத்தார். மீதி ரூ.2,45,000க்கு 1% என்றால் ரூ.2,450. ஆக மொத்தப் பிடித்தம் ரூ.17,450.

முதலில் 26ஏஎஸ் படிவத்தை இறக்கிப் பாருங்கள். அதில் ரூ.3,20,000 இருக்கும். வங்கிப் பாஸ்புக்கிலோ ரூ.2,62,550தான் வந்திருக்கும். டிடிஎஸ் போக இன்னும் ரூ.40,000 எங்கே என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. வாடிக்கையாளரிடம் வாங்கிய ரொக்கத்தை அவர் கையில் வைத்திருப்பார். நிறுவனம் அதை வாராந்தரத் தொகையில் கழித்துக்கொண்டிருக்கும். ரிட்டர்னில் பாஸ்புக் தொகையைப் போட்டால் 26ஏஎஸ்ஸோடு ஒத்துப்போகாமல் நோட்டீஸ் வரும். செயலியில் உள்ள வாராந்தரக் கணக்குச் சீட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டு மொத்தத் தொகையையே காட்ட வேண்டும்.

அடுத்தது லாபம். 44ஏடி பிரிவில், வங்கி வழியாக வந்த தொகைக்கு 6% லாபம் காட்டினால் போதும் என்று பலர் ரூ.19,200 போட்டு ஐடிஆர்-4ஐ முடித்துவிடுகிறார்கள். 6% என்பது குறைந்தபட்சம்தான். கையில் நின்றது அதைவிட அதிகம் என்றால் அதைக் காட்டுவதே சரி. பெட்ரோல் நாளுக்கு ரூ.250 வீதம் 300 நாளுக்கு ரூ.75,000. சர்வீஸ், டயர், ஆயில் ரூ.18,000. போன் ரீசார்ஜ் ரூ.4,000. ரூ.80,000 மதிப்புள்ள வண்டிக்கு 15% தேய்மானம் ரூ.12,000. செலவு ரூ.1,09,000 போக லாபம் ரூ.2,11,000.

அந்த ஆண்டுக்குப் புதிய வரிமுறையில் விலக்கு வரம்பு ரூ.4 லட்சம். ஆகவே ரூ.19,200 காட்டினாலும் ரூ.2,11,000 காட்டினாலும் வரி இல்லை; ரீஃபண்ட் அதே ரூ.17,450. ஆனால் நாளைக்கு வண்டிக் கடனோ வீட்டுக் கடனோ கேட்டுப் போகும்போது வங்கி பார்ப்பது இந்த ரிட்டர்னைத்தான். மாதம் ரூ.1,600 வருமானம் உள்ளவருக்கு யார் கடன் கொடுப்பார்கள்? குறைத்துக் காட்டியதால் அவருக்கு ஒரு ரூபாய்கூட மிச்சமாகவில்லை, இழப்பு மட்டும் உண்டு.

44ஏடிஏ இவர்களுக்குப் பொருந்தாது. அது மருத்துவர், வழக்கறிஞர் போன்ற குறிப்பிட்ட தொழில்களுக்கு உரியது. சம்பளம் என்று ஐடிஆர்-1 போடுவதும் தவறு.

ரிட்டர்ன் சரியாக இருந்தும் பணம் வராமல் நிற்பதற்கு நம் ஊரில் பெரிய காரணம் இனிஷியல். பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும், வங்கியில் ஒற்றை எழுத்தாக இருக்கும். பெயர் பொருந்தாமல் வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு தோற்றுவிடும். ரிட்டர்ன் போடுவதற்கு முன்பே போர்ட்டலில் கணக்கைச் சரிபார்த்து, தேவைப்பட்டால் வங்கியில் பெயரைத் திருத்தச் சொல்லுங்கள். போர்ட்டலில் அவருடைய கைபேசி எண்ணையே பதியுங்கள். உங்கள் எண்ணைப் போட்டால், அவர் வேறு ஆடிட்டரிடம் போகும் நாளில் ஓடிபிக்காக உங்களிடம் வந்து நிற்பார். போட்ட ரிட்டர்னை 30 நாளுக்குள் இ-வெரிஃபை செய்யாவிட்டால் அன்று போட்டதாகக் கணக்கில் வராது.

கட்டணத்தை முன்கூட்டியே ஒரே தொகையாகச் சொல்லிவிடுங்கள். ரீஃபண்டில் இத்தனை சதவீதம் என்று வாங்குவது ஏஜென்ட்டுகளின் வழக்கம். பட்டயக் கணக்காளருக்கு அப்படி முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேச நடத்தை விதிகள் இடம் தருவதில்லை, வழக்கறிஞருக்கும் அப்படியே. சதவீதம் பேசுகிறவர்தான் இல்லாத கழிவுகளைச் சேர்த்து ரீஃபண்டைப் பெருக்கப் பார்ப்பார். பிறகு நோட்டீஸ் போவது டெலிவரி ஊழியரின் பெயருக்கு.

பான் எண்ணையே கொடுக்காமல் பிடிபட்ட தொகை 26ஏஎஸ்ஸில் தெரியாது. நிறுவனம் தன் டிடிஎஸ் ரிட்டர்னைத் திருத்தினால்தான் வரும். அதற்குப் பான் எண்ணோடு மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்த வேண்டும்.

பழைய ஆண்டுகளையும் கேட்டுப் பாருங்கள். மூன்று நான்கு வருடம் வண்டி ஓட்டியும் ஒரு ரிட்டர்ன்கூடப் போடாதவர்கள் நிறைய. 119(2)(பி) பிரிவின்படி, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுக்குள் தாமத மன்னிப்புக் கோரி விண்ணப்பிக்கலாம் என்கிறது 2024 அக்டோபர் 1 தேதியிட்ட சுற்றறிக்கை. ஒவ்வொரு ஆண்டுக்கும் தனி விண்ணப்பம். தாமதத்துக்கு உண்மையான காரணம் சொல்ல வேண்டும். அனுமதி வந்த பிறகே அந்த ஆண்டின் ரிட்டர்னைப் போட முடியும், தாமதமாகக் கோரும் ரீஃபண்டுக்கு வட்டி கிடையாது. இதை முதல் சந்திப்பிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள்.