‘சேதங்களைத் தணித்தல்’ என்றால் யாருக்குப் புரியும்?

சென்ற மாதம் ஒரு வழக்கின் எதிருரையை, அதாவது எதிர்த்தரப்பு தந்த பதிலை, தமிழில் சரிபார்க்கக் கொடுத்தார்கள். வேறொருவர் மொழிபெயர்த்தது. அதில் ஒரு வரி: “வாதி தன் சேதங்களைத் தணிக்கும் கடமையிலிருந்து தவறியதால் எதிர்பார்ப்பு இழப்பு முழுவதையும் கோர இயலாது.” அந்த வாதி திருப்பூர்ப் பக்கம் சின்னதாகப் பனியன் கம்பெனி நடத்துகிறவர். மில் ஒன்று நூல் தருவதாக ஒப்புக்கொண்டு கடைசியில் கைவிரித்துவிட்டது, அதுதான் வழக்கு. வரியை இரண்டு தடவை படித்துவிட்டு என்னைப் பார்த்தார். “எந்தச் சேதம் சார்? நூலே வரலையே, எது சேதமாச்சு?”

நியாயமான கேள்வி. ஒப்பந்தம் மீறப்பட்டால் பாதிக்கப்பட்டவர் தன் இழப்பை மேலே வளரவிடக் கூடாது என்ற விதியைத்தான் அந்த வரி சொல்ல வருகிறது. ‘சேதங்களைத் தணித்தல்’ என்ற தொடர் என் கண்ணில் படுவது இது முதல் முறையுமில்லை. ‘சேதங்கள்’, ‘தணித்தல்’, ‘கடமை’, ‘எதிர்பார்ப்பு இழப்பு’ ஆகிய நான்கும் ஒப்பந்தச் சட்டத் தமிழில் ஒட்டிக்கொண்டுவிட்டன. நான்குமே ஆங்கிலச் சொல்லை அகராதியில் பார்த்து, முதலில் கிடைத்ததை எடுத்து வைத்தவை.

முதலில் ‘டேமேஜ்’. லத்தீனில் ‘தம்னம்’ என்றால் இழப்பு, கேடு. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஒருமையில் அது சேதம்தான், அதில் தகராறு இல்லை. ஆனால் பன்மையில், ‘டேமேஜஸ்’ என்று வரும்போது, அது சேதத்தைக் குறிப்பதில்லை. நீதிமன்றம் கொடுக்கச் சொல்லும் பணத்தைக் குறிக்கிறது. ஆங்கிலத்தில் ஓர் எழுத்து கூடினால் பொருளே மாறுகிறது. நம்மவர்கள் ‘கள்’ விகுதி சேர்த்தால் போதும் என்று நினைத்துவிட்டார்கள். தமிழில் இதற்கு நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது. இழப்பு, அதற்கு ஈடு: இழப்பீடு. ஈடு என்றால் சமம். தராசின் இந்தத் தட்டில் போனதற்கு அந்தத் தட்டில் வைப்பது. இலங்கைத் தமிழர் பெரும்பாலும் நட்டஈடு என்பார்கள், அதுவும் சரியே. நஷ்டம் வடசொல் என்று முகம் சுளிக்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, ஆனால் சுளிக்க வேண்டிய இடம் அது அல்ல. நட்டஈடு என்றால் திருப்பூர்க்காரருக்குப் புரியும். ‘சேதங்கள்’ தூய தமிழும் இல்லை, புரியவும் இல்லை.

அடுத்தது ‘மிட்டிகேட்’. இதுதான் என்னைப் படுத்துகிற சொல். லத்தீனில் ‘மிடிஸ்’ என்றால் மென்மையானது. மென்மையாக்குவது, கடுமையைக் குறைப்பது என்று பொருள் வளர்ந்தது. ஆகவே ‘தணித்தல்’ என்று போட்டவர் வேரைப் பார்த்துத்தான் போட்டிருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் வேர் சரியாக இருந்தால் சொல் சரியாகிவிடுமா? தமிழில் எவையெல்லாம் தணியும் என்று பாருங்கள். கோபம் தணியும், தாகம் தணியும், காய்ச்சல் தணியும், வெயில் தணியும். தணிவது என்றால் முதலில் உச்சத்தில் இருந்து, பிறகு இறங்குவது. பணநஷ்டம் அப்படி இறங்காது. ஐம்பதாயிரம் போனால் போனதுதான், நாலு நாளில் அது முப்பதாயிரமாகத் தணியப்போவதில்லை. சட்டம் கேட்பதும் அதை அல்ல. ஏற்பட்டுவிட்ட இழப்பைக் குறைக்கச் சொல்லவில்லை, அது மேலே வளரவிடாதே என்கிறது. நெருப்பை அணைக்கச் சொல்வதற்கும் பக்கத்து வைக்கோல் போரை நகர்த்தச் சொல்வதற்கும் உள்ள வேறுபாடு.

‘காலநிலை மாற்றத் தணிப்பு’ என்று இப்போது எல்லா இடத்திலும் எழுதுகிறார்களே, அங்கிருந்துதான் இது பரவியது என்று ஒரு நண்பர் வாதிடுகிறார். இருக்கலாம். ஒரு துறையில் ஓடிய சொல்லை இன்னொரு துறையில் கொண்டுபோய் நட்டுவிடுவது மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சுலபம். சிலர் ‘குறைத்தல்’ என்பார்கள். தணித்தலைவிடப் பரவாயில்லை, ஆனால் ‘இழப்பைக் குறைத்தார்’ என்றால் கணக்கில் குறைத்துக் காட்டினாரோ என்ற சந்தேகம் வரும். என் ஓட்டு மட்டுப்படுத்தலுக்கு. மட்டு என்றால் அளவு, எல்லை. ‘மட்டான விலை’, ‘என்னால் முடிந்த மட்டும்’ என்கிறோமே, அந்த மட்டு. இழப்புக்கு ஓர் எல்லை கட்டுவது என்ற கருத்து அதற்குள்ளேயே இருக்கிறது.

அப்புறம் ‘கடமை’. இதை ஆங்கிலமே கெடுத்துவைத்திருக்கிறது, மொழிபெயர்ப்பாளரை மட்டும் குறைசொல்ல முடியாது. கடமை என்றால் அதை வாங்கிக்கொள்ள எதிரே ஒருவர் இருக்க வேண்டும். சோழர் கல்வெட்டுகளில் கடமை என்பது நிலவரி. வசூலிக்க அரசன் இருந்தான். இழப்பை மட்டுப்படுத்தாதவர்மேல் யாரும் வழக்குப் போட முடியாது, அபராதமும் கிடையாது. தவிர்த்திருக்கக் கூடிய பகுதிக்கு இழப்பீடு கிடைக்காது, அவ்வளவுதான். அதை அவரே பொறுத்துக்கொள்ள வேண்டும். அப்படியானால் ‘பொறுப்பு’ என்ற சொல் கையிலேயே இருக்கிறதே! வேடிக்கை என்னவென்றால், 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் இழப்பீட்டைப் பற்றிய 73-ஆம் பிரிவு கடமை என்றும் சொல்லவில்லை, தணித்தல் என்றும் சொல்லவில்லை. அதன் விளக்கக் குறிப்பு சொல்வது இது: ஒப்பந்தம் நிறைவேறாததால் வந்த இடைஞ்சலைச் சரிசெய்ய என்னென்ன வழிகள் இருந்தன என்பதையும் இழப்பை மதிப்பிடும்போது கணக்கில் எடுக்க வேண்டும். சட்டமே இவ்வளவு சாதாரணமாகப் பேசும்போது தமிழாக்கம் எதற்கு விறைத்துக்கொண்டு நிற்க வேண்டும்?

கடைசியாக ‘எதிர்பார்ப்பு இழப்பு’. திருப்பூர்க்காரர் இதையும் விடவில்லை. “நான் எதையும் எதிர்பார்க்கலை சார், ஆர்டர் போட்டேன்” என்றார். ‘எதிர்பார்ப்பு’ என்ற பெயர் அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் ஃபுல்லரும் பெர்டியூவும் 1936-இல் எழுதிய கட்டுரையால் நிலைத்தது. ஒப்பந்தத்தை நம்பிச் செய்த செலவை மட்டும் திருப்பித் தருவது ஒரு வகை. ஒப்பந்தம் நிறைவேறியிருந்தால் எந்த நிலையில் இருந்திருப்பாரோ அந்த நிலையில் வைப்பது இன்னொரு வகை. இரண்டையும் பிரித்துக் காட்ட அவர்களுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. தமிழில் எதிர்பார்ப்பு இழப்பு என்றால் ஏமாற்றம் என்று காதில் விழுகிறது. மாப்பிள்ளை வீட்டார் வராமல் போனது மாதிரி. ‘ஒப்பந்தப் பயன் இழப்பு’ என்றால் என்ன போயிற்று என்று தெரியும். முதல் வகையை ‘நம்பிச் செய்த செலவு’ என்றே சொல்லிவிடலாம், அதற்குப் புதுச்சொல் வேண்டாம்.

சொற்கள் சரியா என்று பார்க்க, அந்த வழக்கின் கணக்கையே போட்டுப் பார்ப்போம். எண்களைக் கொஞ்சம் மாற்றி முழுசாக்கியிருக்கிறேன், ஜிஎஸ்டியையும் விட்டுவிட்டேன்.

5,000 கிலோ நூல், கிலோ 240 ரூபாய், ஜூன் 1-ஆம் தேதி மில்லில் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். லாரி வாடகை வாங்குகிறவர் பாடு, கிலோவுக்கு 3 ரூபாய் ஆகும். ஜூன் 1 அன்று மில் தர முடியாது என்று சொல்லிவிட்டது. அன்று அதே தர நூல் இன்னொரு மில்லில் கம்பெனி வாசலில் இறக்கிக் கொடுக்க 262 ரூபாய்க்குக் கிடைத்தது. இவர் வாங்கவில்லை. விலை இறங்கும் என்று மூன்று வாரம் காத்திருந்தார், ஏறிவிட்டது. கடைசியில் வாசல் விலை 290-க்கு வாங்கினார், புரோக்கருக்கு 6,000 ரூபாய் கமிஷன்.

அவர் கேட்டது: 290-இல் 240 போனால் 50, ஐயாயிரம் கிலோவுக்கு 2,50,000 ரூபாய். இதில் இரண்டு பிழை. முதலாவது, ஒப்பந்தம் ஒழுங்காக நடந்திருந்தால் அவருக்கு நூல் 240-க்கு வந்திருக்காது. லாரி வாடகையும் சேர்த்து 243. மில் வாசல் விலையையும் தன் வாசல் விலையையும் கழித்துப் பார்த்திருக்கிறார். இந்த இடத்தில்தான் கான்பூர் கித்தான் வழக்கு ஒன்று நினைவுக்கு வருகிறது. 1962 தீர்ப்புத் தொகுப்பில் வந்தது, முரளிதர் சிரஞ்சிலால் வழக்கு. சரக்கைக் கான்பூரில் ரயிலேற்ற வேண்டும் என்பது ஒப்பந்தம், வாங்குகிறவர் காட்டியதோ கல்கத்தா விலை. கான்பூர் விலையை நிரூபிக்கவில்லை என்பதால் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்.

இரண்டாவது பிழை, காத்திருந்தது. 73-ஆம் பிரிவின் முதல் எடுத்துக்காட்டே வெடியுப்பு விற்பனைதான்: ஒப்படைக்க வேண்டிய நேரத்தில் அதே தரச் சரக்கு என்ன விலைக்குக் கிடைத்திருக்கும் என்பதுதான் அளவுகோல். ஆகவே 262-இல் 243 போனால் கிலோவுக்கு 19 ரூபாய். மொத்தம் 95,000. மாற்று நூலை அன்றே வாங்கியிருந்தாலும் புரோக்கருக்குக் கொடுத்திருப்பார், அந்த 6,000-ஐயும் சேர்த்தால் 1,01,000. 262-க்கும் 290-க்கும் இடையிலான 28 ரூபாய், அதாவது 1,40,000, அவர் மட்டுப்படுத்தத் தவறிய பகுதி. அதை அவரே பொறுக்க வேண்டும்.

“சரி, விலை 230-க்கு இறங்கியிருந்தா மில்லுக்கு லாபமா?” என்று கேட்டார். இல்லை. மீறிய நாளுக்குப் பிறகு சந்தையோடு ஆடிய ஆட்டம் ஆடியவருடையது, லாபமும் அப்படியே. பர்மாவிலிருந்து, அன்றைய மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போய், 1916 தீர்ப்புத் தொகுப்பில் வந்த ஜமால் வழக்கு இதேதான், தலைகீழாக. பங்குகளை வாங்க மாட்டேன் என்று ஒருவர் பின்வாங்கினார். விற்றவர் அவற்றை வைத்திருந்து பிறகு கூடுதல் விலைக்கு விற்றார். அதனால் இழப்பீட்டைக் குறைக்க வேண்டும் என்ற வாதம் எடுபடவில்லை. மீறிய நாள் விலைதான் கணக்கு என்றார்கள். ஆனால் அன்றே ஓடிப்போய் வாங்கியாக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நாலு மில்லில் விசாரிக்க இரண்டு மூன்று நாள் ஆவது நியாயம், மூன்று வாரம் அப்படி இல்லை.

அந்த எதிருரை வரியை இப்படி மாற்றினேன்: “இழப்பை மட்டுப்படுத்தும் பொறுப்பை வாதி செய்யவில்லை, ஆகவே தவிர்த்திருக்கக் கூடிய பகுதிக்கு இழப்பீடு கோர முடியாது.” எதிர்த்தரப்பின் வாதம்தான் என்றாலும், கட்சிக்காரருக்கு இந்தத் தடவை ஒரே வாசிப்பில் புரிந்தது. புரிந்ததில் சந்தோஷம் இல்லை அவருக்கு. இப்போது புரோக்கருக்குக் கொடுத்த ஆறாயிரத்துக்கு ரசீது தேடிக்கொண்டிருக்கிறார்.