மாத்திரைப் பெயரின் வாலைப் பாருங்கள்

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “ரத்த அழுத்த மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து அப்பாவுக்கு விடாத வறட்டு இருமல். டாக்டர் வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார். பழைய அட்டையில் பாதி மிச்சம் இருக்கிறதே என்று அப்பா இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுகிறார். பெயர் வேறு வேறுதானே, பரவாயில்லையா?” இரண்டு அட்டைகளிலும் பெரிய எழுத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்ததையும் அவர் எழுதி அனுப்பியிருந்தார். ஒன்றில் ராமிப்ரில், மற்றதில் டெல்மிசார்ட்டன்.

சேர்த்துச் சாப்பிடக் கூடாது. இன்றைக்கே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஏன் என்பதற்கான பதில் அந்தப் பொடி எழுத்துகளிலேயே இருக்கிறது.

பெரிய எழுத்தில் இருப்பது பிராண்ட் பெயர். கம்பெனி தன் சரக்குக்கு வைத்துக்கொண்ட பெயர் அது. உள்ளே என்ன இருக்கிறது என்பதை அது சொல்ல வேண்டிய அவசியமில்லை. ஒரே பிராண்ட் பெயர் இரண்டு நாடுகளில் இரண்டு மருந்துகளாகவும் இருக்கலாம். ‘ஃப்ளோமாக்ஸ்’ அமெரிக்காவில் புராஸ்டேட் வீக்கத்துக்கான மருந்து, இத்தாலியில் அதே பெயரில் அழற்சிக்கான மருந்து விற்கப்பட்டது. பொடி எழுத்தில் இருப்பது ஜெனரிக் பெயர், அதாவது மருந்துப் பொருளின் சொந்தப் பெயர். எந்தக் கம்பெனி தயாரித்தாலும் அது மாறாது. இந்தப் பெயர்களை உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு ஒன்று தேர்ந்தெடுக்கிறது. முதல் பட்டியல் 1953-ல் வெளிவந்தது. புதுப் பெயரை முன்மொழிந்ததும், ஆட்சேபம் சொல்ல நான்கு மாத அவகாசம் தருவார்கள். அதற்குப் பிறகுதான் அது நிலைக்கும்.

பெயரின் முன்பகுதியைக் கற்பனைப்படி வைத்துக்கொள்ளலாம். ராமி, எனலா, லிசினோ எதற்கும் தனிப் பொருள் தேட வேண்டியதில்லை. பெயரின் வால் அப்படியில்லை. ‘ப்ரில்’ என்று முடிந்தால் அந்த மருந்து உடம்பில் இன்ன இடத்தில் இன்ன வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். ‘சார்ட்டன்’ என்றால் வேறு இடம், வேறு வேலை. கம்பெனிகள் இந்த வால்களைத் தங்கள் பிராண்ட் பெயருக்குள் நுழைக்க வேண்டாம் என்று 1993-ல் உலக சுகாதாரப் பேரவை தீர்மானமே போட்டது.

சரி, ப்ரில் என்ன செய்கிறது? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். நம் ரத்தத்தில் ஆஞ்சியோடென்சின்-1 என்று ஒரு சிறு புரதத் துண்டு உண்டு. அதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஒரு நொதி அதன் ஓரத்தை நறுக்கி ஆஞ்சியோடென்சின்-2 ஆக்கியதும் கதை மாறிவிடும். அது ரத்தக் குழாய்ச் சுவரில் உள்ள ஏற்பிகளில் போய் உட்கார, குழாய்கள் சுருங்கும், அழுத்தம் ஏறும். சிறுநீரகமும் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ப்ரில் மருந்துகள் அந்த நொதியை முடக்குகின்றன. நறுக்க ஆளில்லை, அழுத்தம் இறங்குகிறது.

ஆனால் அந்த நொதிக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. பிராடிகைனின் என்ற பொருளைச் சிதைப்பதும் அதுதான். நொதியை முடக்கினால் பிராடிகைனின் சிதையாமல் தேங்கும். நுரையீரல் பக்கம் தேங்கும்போது மூச்சுக்குழாயின் நரம்பு முனைகள் உறுத்தலுக்கு ஆளாகின்றன. சளியில்லாத அந்த வறட்டு இருமலுக்கு இதுவே முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. ப்ரில் சாப்பிடுபவர்களில் 100-க்கு ஏறத்தாழ 5 முதல் 20 பேருக்கு இது வரும். ஒரு ப்ரிலில் இருமல் வந்தவருக்கு இன்னொரு ப்ரிலிலும் பெரும்பாலும் வரும்.

இந்த மருந்து கிடைத்த வழியும் பிராடிகைனின் வழிதான். பிரேசிலில் ஜராராக்கா என்ற விரியன் பாம்பின் விஷத்தில் பிராடிகைனினின் வேலையைப் பெருக்கும் ஏதோ ஒன்று இருப்பதை 1965-ல் செர்ஜியோ ஃபெரெய்ரா காட்டினார். அந்த ‘ஏதோ ஒன்று’ நம் நொதியை முடக்குகிறது என்று பிறகு தெரிந்தது. அதைப் பின்தொடர்ந்த குஷ்மனும் ஒண்டெட்டியும் மாத்திரையாக விழுங்கக்கூடிய முதல் ப்ரிலை, கேப்டோப்ரிலை, உருவாக்கினார்கள். ஆக, இருமலுக்குக் காரணமான அதே குணத்தைப் பார்த்துத்தான் மருந்தையே கண்டுபிடித்திருக்கிறார்கள். பாம்பு விஷத்தையும் பிராடிகைனினையும் ஆராய்ந்துகொண்டிருந்தவர்களிடம் ‘இதனால் என்ன பயன்?’ என்று கேட்டு நிதியை நிறுத்தியிருந்தால் ப்ரில் குடும்பம் எப்போது வந்திருக்குமோ தெரியாது. உடனடிப் பயன் தெரியாத ஆராய்ச்சிக்கும் பணம் ஒதுக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

சார்ட்டன்கள் நொதியைத் தொடுவதேயில்லை. ஆஞ்சியோடென்சின்-2 உருவாகட்டும் என்று விட்டுவிட்டு, அது உட்காரும் ஏற்பியை மட்டும் அடைத்துக்கொள்கின்றன. பிராடிகைனின் வழக்கம்போலச் சிதைந்துகொண்டிருக்கும். அதனால்தான் இருமல் வந்தவருக்கு ப்ரிலை நிறுத்திவிட்டு சார்ட்டன் எழுதுகிறார்கள். வாசகரின் அப்பாவுக்கு டாக்டர் செய்ததும் அதையேதான். புது மாத்திரை பழையதற்குப் பதில், பழையதோடு சேர்த்து அல்ல.

இரண்டும் ஒரே பாதையைத்தான் அடைக்கின்றன, ஒன்று மேலே, ஒன்று கீழே. இரண்டு பக்கமும் அடைத்தால் இன்னும் நல்லதுதானே என்று மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் நம்பியது. 25,000-க்கும் மேற்பட்டவர்களிடம் ராமிப்ரில், டெல்மிசார்ட்டன், இரண்டும் சேர்த்து என்று மூன்று விதமாகக் கொடுத்துப் பார்த்த ஆன்டார்கெட் ஆய்வின் முடிவு 2008-ல் வந்தது. சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்குக் கூடுதல் நன்மை எதுவும் இல்லை. அழுத்தம் தாழ்ந்து தலைசுற்றுவது, மயங்கி விழுவது, சிறுநீரகக் கோளாறு ஆகியவைதான் கூடின. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறுவது இன்னொரு ஆபத்து. அது ஏறுவது பல நேரம் வெளியே தெரியாது. பொட்டாசியம், கிரியேட்டினின் இரண்டையும் ரத்தப் பரிசோதனையில் பார்த்தால்தான் தெரியும். அப்பாவுக்கு அந்தப் பரிசோதனை தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

இவ்வளவு விஷயமும் பெயரின் கடைசி இரண்டு மூன்று எழுத்தில் இருக்க, அதைப் பொடி எழுத்தில் அச்சடித்து, ஒன்றும் சொல்லாத பிராண்ட் பெயரைப் பெரிதாகப் போடுவது எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை. அட்டையில் ஜெனரிக் பெயர்தான் பெரிதாக இருக்க வேண்டும்.

வாலைப் படிக்கும்போது முழு வாலையும் படிக்க வேண்டும். ஓமெப்ரசோல், பேன்டோப்ரசோல் எல்லாம் வயிற்று அமிலத்தைக் குறைப்பவை. அரிப்பிப்ரசோலும் ‘ப்ரசோல்’ என்றுதான் முடிகிறது, ஆனால் அதன் வால் ‘பிப்ரசோல்’, அது மனநோய்க்கான மருந்து. அட்டோர்வாஸ்டாட்டின் கொழுப்பைக் குறைக்கும், நிஸ்டாட்டின் பூஞ்சையைக் கொல்லும். கொழுப்பு மருந்தின் முழு வால் ‘வாஸ்டாட்டின்’. அப்புறம், வால் வகையை மட்டுமே சொல்லும். எவ்வளவு மில்லிகிராம், யாருக்கு ஒத்துவரும் என்பதெல்லாம் அதில் இருக்காது.

ப்ரில் சாப்பிடுபவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு வால் ‘ட்ரில்’. இதயச் செயலிழப்புக்குக் கொடுக்கும் சக்குபிட்ரில், வால்சார்ட்டனுடன் சேர்ந்து ஒரே மாத்திரையாக வருகிறது. காதுக்கு ப்ரில் போலவே கேட்டாலும் இது முடக்குவது வேறொரு நொதியை. அந்த நொதியும் பிராடிகைனினைச் சிதைப்பதுதான். இரண்டு நொதிகளும் ஒரே சமயத்தில் முடங்கினால் பிராடிகைனின் எக்கச்சக்கமாகத் தேங்கி நாக்கும் தொண்டையும் வீங்கி மூச்சடைக்கலாம். ஆகவே கடைசி ப்ரில் மாத்திரைக்கும் முதல் ட்ரில் மாத்திரைக்கும் இடையே குறைந்தது 36 மணி நேரம் இடைவெளி விட வேண்டும். ட்ரிலிலிருந்து ப்ரிலுக்கு மாறினாலும் அதே 36 மணி நேரம்தான்.